பதினோராம் வாரத்துச் சீட்டு

"யூரின்ல உப்பு போகுதாம்" என்று கர்ப்பிணிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலைய வரிசையிலும் கேட்கலாம். புனேயில் கட்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட் பக்கம் பல காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களிலும் கேட்கலாம். ஆனால் அது உப்பே அல்ல. ரத்தத்துக்குள் இருக்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதம், சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டிக் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான் அந்தச் சோதனை சொல்வது. பேச்சுவழக்கு அதற்கு உப்பு என்று பேர் வைத்துவிட்டதால், மறுநாளே வீட்டில் ரசத்துக்கு உப்பைக் குறைத்துவிடுகிறார்கள். உப்பைக் குறைப்பதால் அந்தக் கசிவு நிற்பதில்லை. ஏன் கசிகிறது என்ற கேள்வியும் அங்கேயே நின்றுபோகிறது.

அந்தக் கேள்விக்குக் கர்ப்பக் காலத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று விடையாக இருக்கும். ஒன்று, கர்ப்பத்தினாலேயே வருகிற ப்ரீஎக்லாம்ப்சியா. நம் பாட்டிமார் ஜன்னி என்று அஞ்சிய பேறுகால வலிப்புக்கு முன்வாசல் இது. இன்னொன்று, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சத்தமில்லாமல் இருந்த சிறுநீரக நோய். இரண்டிலும் ரத்த அழுத்தம் கூடும், கால் வீங்கும், சிறுநீரில் புரதம் வரும். சிகிச்சையோ எதிரெதிர்த் திசையில் போகிறது. ப்ரீஎக்லாம்ப்சியாவை முடித்துவைப்பது பிரசவம் ஒன்றுதான். வெறும் சிறுநீரக நோய் என்றால் பிரசவத்தால் அது தீராது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, குழந்தையை வயிற்றிலேயே வளரவிட்டுப் பல வாரங்களைச் சம்பாதிக்கலாம். 31-வது வாரத்தில் தவறாகக் கணித்து அவசரப்பட்டால் குழந்தையின் நுரையீரல் அதற்கு விலை கொடுக்கும். தவறாகக் கணித்துக் காத்திருந்தாலோ தாய்க்கு வலிப்பும் மூளையில் ரத்தக்கசிவும் வரலாம்.

இரண்டு பெண்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இவர்கள் உண்மையான நோயாளிகள் அல்லர். இத்தகைய புறநோயாளிப் பிரிவுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் அடையாளங்களைக் கொண்டு, விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட இருவர்.

முதலாமவருக்கு வயது 22, முதல் கர்ப்பம், வீடு கட்கியில். இரண்டாமவருக்கு 29, இரண்டாவது கர்ப்பம். கணவரின் வேலைக்காக விழுப்புரம் பக்கத்திலிருந்து புனேக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரே வாரத்தில், ஒரே மருத்துவமனையில், இருவருக்கும் 31-வது வாரம். ரத்த அழுத்தம் ஒருவருக்கு 150/96, மற்றவருக்கு 146/94. இருவரின் சிறுநீர்க் குச்சியும் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்கு மாறி, சீட்டில் '3+' என்று எழுதப்படுகிறது.

முதலில் அந்தக் குச்சி. அதன் நுனியில் உள்ள சிறு கட்டத்தில் ஒரு சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஆல்புமின் வந்து ஒட்டினால் சாயம் நிறம் மாறும். 1+ என்றால் ஒரு டெசிலிட்டரில் சுமார் 30 மில்லிகிராம், 3+ என்றால் சுமார் 300. குச்சி அளப்பது அடர்த்தியை மட்டுமே. புனேயின் ஏப்ரல் வெயிலில் பேருந்து பிடித்து, தண்ணீர் குடிக்காமல் வந்து வரிசையில் நின்ற பெண்ணின் சிறுநீர் சுண்டிக் கெட்டியாக இருக்கும். கசிவு கொஞ்சம்தான் என்றாலும் குச்சி 1+ காட்டும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரிடம் நிஜமான கசிவும் நீர்த்துப்போய் 'இல்லை' என்று வரலாம். வெள்ளைப்படுதல் கலந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் தவறாகக் காட்டும்.

அதனால் ஒரு நாள் முழுவதும் வெளியேறும் சிறுநீரைக் கேனில் சேர்த்து அளப்பதுதான் பழைய முறை. 24 மணி நேரத்தில் 300 மில்லிகிராமுக்கு மேல் புரதம் போனால் கர்ப்பக் காலத்தில் அது அதிகம். ஆனால் ஒரு நாள் கணக்குப் பிசகாமல் சேர்ப்பவர்கள் குறைவு. ஒருவேளை மறந்து கழிவறையில் போய்விட்டால் கணக்கு போச்சு. இப்போது அதைவிட எளிய வழி இருக்கிறது. தசைகளின் அன்றாட வேலையில் உண்டாகும் கிரியாட்டினின் என்ற கழிவு, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகச் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர் கெட்டியானால் புரதமும் கிரியாட்டினினும் சேர்ந்தே கெட்டியாகும். நீர்த்தால் சேர்ந்தே நீர்க்கும். ஆகவே ஒரே ஒரு குப்பி சிறுநீரில் இரண்டையும் அளந்து, புரதத்தைக் கிரியாட்டினினால் வகுத்துவிட்டால் தண்ணீரின் குறுக்கீடு கழிந்துவிடும். அந்த விகிதம் 0.3-ஐத் தாண்டினால் கசிவு உண்மை. நம் இருவரில் முதலாமவருக்கு 2.4, இரண்டாமவருக்கு 2.6. இருவருக்குமே கசிவு உண்மை. அளவு, ஏறத்தாழ ஒன்று. எண்ணை மட்டும் பார்த்து இவர்களைப் பிரிக்கவே முடியாது.

இதே குழப்பத்தில் லண்டன் கைஸ் மருத்துவமனை ஒரு காலத்தில் நின்றது. அங்கே ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கி இறந்தவர்களின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததையும் அவர்களின் சிறுநீரில் ஆல்புமின் இருந்ததையும் இணைத்து 1827-ல் எழுதினார். சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பதுதான் அவர் சோதனை. புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கருவைப் போல வெளுத்துத் திரையும். அதே மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் ஜான் லீவர், பேறுகால வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரையும் காய்ச்சிப் பார்த்து 1843-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். அங்கும் திரைந்தது. அப்படியானால் இவர்களுக்கும் பிரைட் சொன்ன சிறுநீரக நோய்தானா? லீவர் அத்தோடு விடவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் சோதித்தார். சில நாள்களில் ஆல்புமின் மறைந்துகொண்டு வந்தது. பிரைட்டின் நோயாளிகளிடம் அது அப்படி மறைவதில்லை. இரண்டு நோய்களும் தனித்தனி என்று காட்டிக்கொடுத்தது, பிறகு எடுத்த சிறுநீர். இன்றும் இந்த விஷயத்தில் மிக நல்ல சாட்சி காலம்தான். ஒரு சாட்சி கர்ப்பத்தின் தொடக்கத்தில் நிற்கிறது, இன்னொன்று பிரசவத்துக்குப் பிந்தைய மூன்றாம் மாதத்தில் நிற்கிறது.

தொடக்கத்துச் சாட்சியைப் பார்ப்போம். ப்ரீஎக்லாம்ப்சியா பொதுவாக 20-வது வாரத்துக்கு முன்பு வருவதில்லை. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் போன்ற அரிய விலக்குகள் உண்டு. எனவே 11-வது வாரத்தில் எடுத்த சிறுநீரிலேயே புரதம் இருந்தால், அது கர்ப்பம் கொண்டுவந்தது அல்ல. பெண் தன்னோடு கொண்டுவந்தது. நம் முதலாமவரிடம் ஒரு தாய்-சேய் அட்டை இருக்கிறது. அதில் 11-வது வாரத்தில் ரத்த அழுத்தம் 100/64, சிறுநீரில் புரதம் இல்லை, ரத்தத்தில் கிரியாட்டினின் 0.5 என்று பேனாவால் எழுதியிருக்கிறது. இருபது வாரங்களில் ஒன்றுமில்லாததிலிருந்து 3+ வரை வந்திருக்கிறார் என்று உடனே தெரிகிறது. இரண்டாமவர் இந்தக் கர்ப்பத்தில் மருத்துவரை முதன்முதலில் பார்த்ததே 26-வது வாரத்தில். வீடு மாறினார்கள், ஊர் மாறினார்கள், மொழி புதிது, தள்ளிப்போய்விட்டது. அவருக்குத் தொடக்கம் என்ற ஒன்று தாளில் இல்லை. 26-வது வாரத்தில் 2+ என்று இருப்பதை எந்தப் பக்கத்துச் சாட்சியாக எடுப்பது?

இந்த இடத்தில் கர்ப்பிணியின் சிறுநீரகம் செய்யும் ஓர் அதிசயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரு உண்டான சில வாரங்களிலேயே, வயிறு தெரிவதற்கு வெகு முன்னரே, சிறுநீரகங்களுக்குள் பாயும் ரத்தம் பெருகி, அவை வடிகட்டும் அளவு பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. சாதாரண நாளில் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 150 முதல் 180 லிட்டர் வடிகட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. கர்ப்பத்தில் அது 200 லிட்டரைத் தாண்டிப் போகும். சிறுநீரகமே ஒரு சென்டிமீட்டர் வரை நீளும். இவ்வளவு மும்முரமாகக் கழுவுவதால் ரத்தத்தில் கிரியாட்டினின் இறங்குகிறது. கர்ப்பிணிகளுக்கு அது 0.4 முதல் 0.7 வரை இருப்பது வழக்கம்.

ஆய்வகத்தின் அச்சிட்ட தாளோ இதை அறியாது. பொதுவான பெண்களுக்கான வரம்பை, 0.6 முதல் 1.1 வரை இயல்பு என்பது போல, ஓரத்தில் அச்சடித்துவிடும். ஒரு கர்ப்பிணிக்கு 0.9 வந்தால் தாளில் தடித்த எழுத்தும் இருக்காது, நட்சத்திரக் குறியும் இருக்காது. 'நார்மல்' என்று மடித்து வைத்துவிடுவார்கள். 2019-ல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, கர்ப்பக் காலத்தில் 0.87-க்கு மேல் போனால் அது இயல்புக்கு வெளியே என்று சொன்னது. என் கருத்தில், ஒவ்வொரு மகப்பேறு ஆய்வகத் தாளிலும் இந்த எண்ணைத் தனியாக அச்சடிக்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை, தவறவிடப்படுவதோ ஒரு சிறுநீரகம். நம் இரண்டாமவருக்கு 26-வது வாரத்தில் 1.1 இருந்தது. தாள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 31-வது வாரத்தில் 1.2. முதலாமவருக்கு அன்று 0.8, எண் சிறியதுதான், ஆனால் அவருடைய 0.5-லிருந்து வந்த 0.8.

அடுத்து நுண்ணோக்கி. ஆய்வகத்தில் சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலை ஒரு சொட்டு கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார்கள். முதலாமவரின் வண்டலில் ஒன்றுமில்லை. புரதம் அவ்வளவு போயும் களம் வெறிச்சென்று இருக்கிறது. இரண்டாமவருடையதில் சிவப்பணுக்கள் தெரிகின்றன. அதுவும் வட்டமாக அல்ல. காதுபோலப் புடைத்து, நெளிந்து, கசங்கி. சிறுநீர்ப்பையிலிருந்தோ வெளியிலிருந்தோ வரும் ரத்தமாக இருந்தால் அணுக்கள் வட்டம் குலையாமல் இருக்கும். வடிகட்டியின் கிழிசல்களுக்குள் நுழைந்து, உப்பும் நீரும் மாறிமாறி வரும் நுண்குழாய்கள் வழியே பிதுங்கி வந்ததால்தான் இந்த நெளிவு. கூடவே, அணுக்கள் குழாயின் அச்சிலேயே உறைந்த சிறு உருளைகளும் இருந்தன. சிறுநீரக மருத்துவர்கள் இவற்றைக் கண்டால் வேறு பல சோதனைகளை ஒதுக்கி வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்குவார்கள். வடிகட்டியே அழற்சியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான அடையாளம் குறைவு. ஸ்கேனில் அவருடைய சிறுநீரகங்கள் 8.6 சென்டிமீட்டர் நீளம், வழக்கத்தைவிட வெளுத்து. கர்ப்பத்தில் நீள வேண்டியவை குறுகியிருக்கின்றன. சில வாரங்களில் ஒரு சிறுநீரகம் சுருங்கிவிடாது, ஆண்டுக்கணக்கு வேண்டும்.

அந்த நேரத்தில்தான், இப்படிப்பட்ட கதைகளில் அடிக்கடி நடப்பது நடக்கிறது. முதல் பிரசவத்தின் காகிதங்கள் ஏதாவது உண்டா என்று மருத்துவர் கேட்க, ஊரிலிருந்து மாமியார் ஒரு பிளாஸ்டிக் கவரைப் படம் எடுத்து அனுப்புகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய, மூன்றாம் மாதச் சீட்டு. 'அல்புமின் 1+'. யாரும் பிறகு அதைத் தொடரவில்லை. பிரசவம் நல்லபடியாக முடிந்தது, கவருக்குள் போய்விட்டது. இரண்டாமவரின் கேள்விக்குப் பாதி விடை அந்தக் கவரில் இருந்தது.

முதலாமவரின் விடை ரத்தத்தில் இருந்தது. பிளேட்லெட் 95,000-க்கு இறங்கியிருக்கிறது. கல்லீரல் நொதிகள் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு நாளாக நெற்றியைப் பிடிக்கும் தலைவலி. ப்ரீஎக்லாம்ப்சியா சிறுநீரகத்தோடு நிற்கும் நோய் அல்ல. உடல் முழுக்க உள்ள ரத்தக்குழாய்களின் உள்வரியைத் தாக்குவது. அதனால் கல்லீரலும் மூளையும் ரத்த அணுக்களும் சேர்ந்து முறையிடும். 2013-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு, இத்தகைய உறுப்புப் பாதிப்பு இருந்தால் சிறுநீரில் புரதமே இல்லாவிட்டாலும் ப்ரீஎக்லாம்ப்சியா என்று கணிக்கலாம் என்று வரையறையைத் திருத்தியது. புரதம் எத்தனை கிராம் என்பதை வைத்து நோயின் கடுமையை முடிவு செய்வதையும் கைவிட்டது. இரண்டாமவருக்குப் பிளேட்லெட் 2,30,000, கல்லீரல் சரி, தலைவலி இல்லை. யூரிக் அமிலம் மட்டும் இருவருக்கும் கூடியிருந்தது. அதைப் பெரிதாக எடுக்கக் கூடாது. ப்ரீஎக்லாம்ப்சியாவில் அது கூடும் என்பது உண்மைதான், ஆனால் சிறுநீரகம் மந்தமானாலும் அது தேங்கும். பலரும் வழுக்குவது இங்கேதான்.

சரி, நஞ்சுக்கொடியில் ஏற்படும் கோளாறு சிறுநீரகத்தை எப்படிக் கசிய வைக்கிறது? நூறாண்டுக்கு மேல் விடை இல்லாதிருந்த இக்கேள்விக்கு வழி திறந்த ஆய்வுக் குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போன சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சி.

வடிகட்டியின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் லட்சக்கணக்கான நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள் உள்ளன. குழாயின் உள்வரிச் செல்களில் சல்லடை போல ஓட்டைகள். அதற்கு வெளியே ஒரு மெல்லிய சவ்வு. அதற்கும் வெளியே, விரல்களைக் கோத்துக்கொண்டாற்போல் குழாயைத் தழுவி நிற்கும் வேறொரு வகைச் செல்கள். இந்த வெளிச் செல்கள் உள்வரிச் செல்களுக்கு இடைவிடாமல் ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கின்றன, 'வி.இ.ஜி.எஃப்.' என்ற புரதம்தான் அந்தச் செய்தி. சிறுநீர் வெளியே ஓட, இந்தப் புரதம் எதிர்த் திசையில் உள்ளே போய்ச் சேருகிறது. அது வந்துகொண்டிருக்கும்வரைதான் உள்வரியின் ஓட்டைகள் ஓட்டைகளாக, சரியான அளவில் இருக்கும். நின்றால் செல்கள் வீங்கி ஓட்டைகள் அடைபடும், சல்லடை கெடும், ஆல்புமின் கசியும். வீங்கி அடைத்த இந்தத் தோற்றத்தை நுண்ணோக்கியில் கண்டு சிகாகோ நோயியலாளர் பென் ஸ்பார்கோ 1959-லேயே பேர் வைத்துவிட்டார். அது ஏன் நிகழ்கிறது என்பது பிறகும் நெடுங்காலம் தெரியவில்லை.

கருமாஞ்சியின் குழு, ப்ரீஎக்லாம்ப்சியா கண்ட பெண்களின் நஞ்சுக்கொடியில் எந்த மரபணுக்கள் மிகையாக வேலை செய்கின்றன என்று தேடியது. மிகுந்து நின்றது ஒரு புரதம்: 'எஸ்.எஃப்.எல்.டி.-1'. வழக்கமாகச் செல்லின் மேல் ஒட்டியிருந்து வி.இ.ஜி.எஃப். செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி உண்டல்லவா, அதன் துண்டுதான் இது. செல்லில் ஒட்டாமல் ரத்தத்தில் மிதக்கும். மிதந்துகொண்டே செய்தியை வழிமறித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். உள்வரிச் செல்லுக்குப் போய்ச்சேராது. ஷாரன் மேனார்ட் முதல் ஆசிரியராக 2003-ல் வெளியான கட்டுரையில், இந்த ஒரு புரதத்தை எலிகளுக்குள் மிகையாகச் சுரக்க வைத்தபோது அவற்றுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகத்தில் ஸ்பார்கோ கண்ட அதே வீக்கம் வந்தது. கருவுறாத எலிகளுக்கும் வந்தது. வேறொரு பக்கத்திலிருந்தும் இதற்குச் சான்று இருக்கிறது: வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளைப் பெறுவோருக்கும் ரத்த அழுத்தம் கூடிச் சிறுநீரில் புரதம் போகிறது. ஆண்களுக்கும்கூட.

இதிலிருந்து நமக்கு வேண்டிய கருவி பிறந்தது. நஞ்சுக்கொடி சங்கடத்தில் இருந்தால் எஸ்.எஃப்.எல்.டி.-1 ஏறும், நஞ்சுக்கொடி சுரக்கும் நல்ல வளர்ச்சிப் புரதமான 'பி.எல்.ஜி.எஃப்.' இறங்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம், கசிவுக்குக் காரணம் நஞ்சுக்கொடியா என்று பேசுகிறது. பல நாடுகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு, ப்ரீஎக்லாம்ப்சியா சந்தேகம் உள்ளவர்களுக்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் அது வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டியது. நஞ்சுக்கொடி நன்றாக இருந்து, சிறுநீரகம் மட்டும் பழைய நோயால் கசிந்தால், விகிதம் பொதுவாகத் தாழ்ந்தே இருக்கும். நம் முதலாமவருக்கு அது 180 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாமவருக்கு 12. ஒரே '3+' இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்தச் சோதனை பெரிய தனியார் ஆய்வகங்களில் கிடைக்கிறது. மாவட்டத்தின் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. கிடைக்காத இடத்தில் மேலே சொன்ன பழைய சீட்டு, கிரியாட்டினின், வண்டல், ஸ்கேன் ஆகியவையே போதிய தூரம் கொண்டுபோகும்.

புனேக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. பாரதி வித்யாபீட பல்கலைக்கழகத்தின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் சாதனா ஜோஷியும் அவர் குழுவினரும் ப்ரீஎக்லாம்ப்சியாவை நெடுநாளாக ஆராய்கிறார்கள். 'ரீவாம்ப்' என்று அவர்கள் பேரிட்ட ஆய்வின் திட்டம் 2019-ல் வெளியானது. கர்ப்பிணிகளை 11 முதல் 14 வாரத்துக்குள்ளேயே சேர்த்து, நோய் தலைகாட்டுவதற்கு முன்பிருந்து பிரசவம்வரை குறிப்பிட்ட கட்டங்களில் ரத்தம் எடுத்து, இத்தகைய புரதங்கள் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பது அதன் வழி. இத்தகைய ஆய்வுகளில், ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்காமல் விலக்குவது வழக்கம். ஆய்வுக்கு அது அவசியம். கலப்படம் இருந்தால் ப்ரீஎக்லாம்ப்சியாவின் தடம் தெளியாது. ஆனால் புறநோயாளிப் பிரிவின் மேசைக்கு முன்னால் இருக்கும் மருத்துவருக்கு அப்படி விலக்கும் வசதி இல்லை. விலக்க வேண்டியவர் யார் என்பதே அவருடைய கேள்வி.

இருவருக்கும் என்ன ஆகும்? முதலாமவருக்குக் குழந்தையின் நுரையீரலை முதிர்விக்கும் ஸ்டீராய்டு ஊசியும், வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டும், ரத்த அழுத்தத்துக்கு லெபட்டலாலும் தந்து, இரண்டு நாளில் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். குழந்தை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சில வாரம் பச்சிளங்குழந்தை வார்டில் இருக்க வேண்டும். தாயின் பிளேட்லெட் ஒரு வாரத்தில் மீள்கிறது. சிறுநீர்ப் புரதம் மெதுவாகத்தான் இறங்கும். ஆறாம் வாரத்தில் சொற்பம், பன்னிரண்டாம் வாரத்தில் இல்லை.

இரண்டாமவருக்கு அவசரப் பிரசவம் இல்லை. நிஃபெடிபினும் லெபட்டலாலும் தந்து வாரம் இருமுறை வரச்சொல்கிறார்கள். சிறுநீரக நோய்க்கு வழக்கமாகத் தரும் எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அவை கூடாது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத்தான் ப்ரீஎக்லாம்ப்சியா மேலேறி உட்காரும் ஆபத்தும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? புரதம் கூடுவதை நம்ப முடியாது. ரத்த ஓட்டம் பெருகுவதாலேயே சிறுநீரக நோயில் அது கூடும். கட்டுக்குள் இருந்த ரத்த அழுத்தம் திடீரென்று மருந்துக்கு அடங்காமல் போவது, பிளேட்லெட் சரிவது, கல்லீரல் நொதி ஏறுவது, குழந்தையின் வளர்ச்சி நிற்பது, நஞ்சுக்கொடிப் புரதங்களின் அந்த விகிதம் எகிறுவது ஆகியவற்றையே பார்க்க வேண்டும். இவருக்கு 35-வது வாரத்தில் அது நடந்தது: அழுத்தம் 166/108, விகிதம் 12-லிருந்து 140. அன்றே பிரசவம். கிடைத்தது நான்கு வாரம், குழந்தை 2.1 கிலோ, தாயின் பக்கத்திலேயே படுத்தது.

இவர் முன்கூட்டியே வந்திருந்தால் இன்னொன்றும் செய்திருக்கலாம். சிறுநீரக நோய் உள்ள கர்ப்பிணிக்கு 16-வது வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால், சீக்கிரமே வரும் ப்ரீஎக்லாம்ப்சியாவின் வாய்ப்பு குறைகிறது. 26-வது வாரத்தில் அந்த வாசல் மூடியிருந்தது.

பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் மாதம் இரண்டாமவருக்குப் புரத விகிதம் 1.9, சிறுநீரில் நெளிந்த சிவப்பணுக்கள் அப்படியே. ஊசி வழியே சிறுநீரகத்திலிருந்து ஒரு நூலிழைச் சதை எடுத்துப் பார்த்ததில் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, இளம் வயதினரின் வடிகட்டியை அழற்சியாக்கும், அடிக்கடி காணப்படும் நோய். இனி அவருக்குக் கர்ப்பத்தில் தடைசெய்திருந்த மாத்திரைகளைத் தரலாம். அவை கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தின் ஆயுளை நீட்டும்.

மூன்றாம் மாதச் சோதனையைச் சம்பிரதாயம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு நார்வேயில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே சுமார் 5,70,000 தாய்மார்களின் பேறுகாலப் பதிவுகளை, பிற்காலத்தில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களின் பதிவோடு ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. முதல் கர்ப்பத்தில் ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்களுக்கு, வராதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. பயப்பட வேண்டாம், வாய்ப்பு ஐந்து மடங்கானாலும் எண்ணிக்கையில் அது மிகச் சிறியது. ஆனால் அந்தப் பெண்களில் ஒரு பகுதியினர் நம் இரண்டாமவரைப் போன்றவர்களாக இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கர்ப்பத்தில் வந்த பிரஷர், பிரசவத்தோடு போயிற்று என்று அனுப்பப்பட்டவர்கள். உள்ளே இருந்த நோயைக் கர்ப்பம் ஒருமுறை விளக்கடித்துக் காட்டியது. திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

நம் நாட்டில் குழந்தைக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போடத் தாய் கட்டாயம் வருகிறாள். அதே நாளில் அவளிடம் ஒரு குப்பியைக் கொடுத்து, ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டால் போதும். அவள் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மூன்றாம் மாதத்துக்குள் சிறுநீரும் ரத்தக் கிரியாட்டினினும் ஒருமுறை பார்த்து, அந்தச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். கர்ப்பத்தில் புரதமோ ரத்த அழுத்தமோ வந்திருந்தால், தடுப்பூசி நாளில் அந்தக் குப்பியை நீங்களே கேட்டு வாங்குங்கள்.